7 லிட்டர் என்று ஒட்டிய ஆக்சிஜன் மெஷினை வாடகைக்கு எடுப்பவர்களுக்கு

அப்பாவுக்கு சி.ஓ.பி.டி. நுரையீரல் நோய். மார்ச் மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது, ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரில் நிமிடத்துக்கு 2 லிட்டர் வைக்க வேண்டும், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 88-லிருந்து 92 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று டாக்டர் சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை மறந்துவிட்டு வாடகைக் கடைக்காரர் பேச்சைக் கேட்டதுதான் நாங்கள் செய்த தவறு.

திருப்பூரில் ஒரு கடையில் 10,000 ரூபாய் முன்பணம், மாத வாடகை 4,500 ரூபாய் கட்டி எடுத்தோம். கையில் தூக்கக்கூடிய சின்ன வெள்ளைப் பெட்டி. முகப்பில் 1 முதல் 7 லிட்டர் வரை என்று போட்டிருந்தது. 2-இல் வைத்தோம். அப்பாவுக்கு 84-தான் காட்டியது. போன் செய்தால், "ஏத்தி வைங்க மேடம், 7 வரைக்கும் போகும்" என்றார்கள். 3, 4, 5 என்று ஏற்றினோம். ஈரப்பத பாட்டிலில் தண்ணீர் நன்றாகக் கொப்பளித்தது, மூக்கில் காற்றும் வேகமாக வந்தது. 84 மட்டும் அசையவில்லை. "பெரியவருக்கு நோய் முத்திடுச்சு" என்று கடைக்காரர் சொன்னபோது அம்மா அழுதுவிட்டார்.

தெரிந்த ஒரு பயோமெடிக்கல் டெக்னீஷியன், மெஷினிலிருந்து வரும் காற்றில் ஆக்சிஜன் எவ்வளவு என்று அளக்கும் கருவியோடு வந்து பார்த்தார். 1 லிட்டரில் 90 சதவீதம். 3 லிட்டரில் 44. 5 லிட்டரில் 35. அந்தப் பெட்டி ஆக்சிஜன் உருவாக்குவதே ஒரு லிட்டர் அளவுக்குத்தான். அதற்கு மேல் ஏற்றினால் மீதியை அறைக் காற்றால் நிரப்பி வேகமாகத் தள்ளும். அறைக் காற்றில் 21 சதவீதம்தானே ஆக்சிஜன்! அப்பாவுக்கு 1-இல் கிடைத்த ஆக்சிஜனும் 5-இல் கிடைத்த ஆக்சிஜனும் ஏறக்குறைய ஒன்றேதான். நல்ல 5 லிட்டர் மெஷின் 5 லிட்டரிலும் 90 சதவீதத்துக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். எனவே கடையிலேயே, நீங்கள் வைக்கப்போகும் லிட்டரில் ஓடவிட்டு, பதினைந்து நிமிடம் கழித்து அளந்து காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் அங்கே எடுக்காதீர்கள்.

சண்டை போட்ட பிறகு பெரிய மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். இது உண்மையிலேயே நல்ல மெஷின். ஆனால் வந்த பையன், "முன்னாடி 5-லதானே இருந்துச்சு அக்கா" என்று அதையும் 5-இல் வைத்துவிட்டுப் போனான். அளவு 97 காட்டியது. நாங்களும் சந்தோஷப்பட்டோம். மறுநாள் காலையில் அப்பா தலைவலி என்றார், பிறகு உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்தார், என் பெயரைக்கூட மாற்றிச் சொன்னார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தத்தில் கரியமில வாயு ஏறியிருந்தது. இந்த நோய் உள்ளவர்களில் பலருக்கு ஆக்சிஜன் அதிகமானால் அப்படி ஆகும். 97 நமக்கு நல்ல எண், அப்பாவுக்கு ஆபத்தான எண். இப்போது 2-இல் 90 நிற்கிறது. அந்தக் குமிழைத் திருப்புவது டாக்டர் சொன்னால் மட்டும்தான்.

டியூப் விஷயத்திலும் ஏமாந்தோம். ஏற்கனவே யாரோ பயன்படுத்திய மஞ்சளித்த டியூபைத்தான் கொடுத்திருந்தார்கள். மூக்கில் மாட்டுவதைப் புதிதாக வாங்குங்கள், இரண்டு வாரம் முதல் ஒரு மாதத்துக்குள் மாற்றுங்கள், சளிக் காய்ச்சல் வந்தால் உடனே மாற்றுங்கள். ஈரப்பத பாட்டிலில் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றி, தண்ணீரைத் தினமும் மாற்றுகிறோம். அதன் மூடி கோணலாக ஏறினால் காற்று பக்கவாட்டில் போய்விடும். ஒரு சோதனை செய்யலாம்: மெஷின் ஓடும்போது டியூபை ஒரு நொடி மடக்கிப் பிடியுங்கள். பாட்டில் வால்வு கீச்சென்று சத்தம் போட்டால் அதுவரை கசிவு இல்லை. சத்தமே வரவில்லை என்றால் மூடியையோ இணைப்பையோ பாருங்கள்.

என்னால் மன்னிக்கவே முடியாதது ஒன்று உண்டு. பிளக் பாயின்ட் அங்கே இருக்கிறது என்று பூஜை அலமாரிக்குக் கீழே மெஷினை வைத்து, "இது சிலிண்டர் இல்லக்கா, வெறும் காத்துதான், பயமில்ல" என்றான் அந்தப் பையன். மூக்கு காய்ந்தால் பெட்ரோலியம் ஜெல்லி தடவலாம் என்றும் சொன்னான். இரண்டும் தவறு. ஆக்சிஜன் தானாக எரியாது. ஆனால் போர்வையிலும் சட்டையிலும் முடியிலும் தேங்கி நிற்கும். அப்போது ஒரு தீப்பொறி பட்டால் போதும், குப்பென்று பிடிக்கும். அம்மா தினமும் இரண்டு வேளை அங்கே விளக்கும் சூடமும் ஏற்றுகிறவர். இப்போது விளக்கு வேறு அறைக்குப் போய்விட்டது. அடுப்பு, ஊதுபத்தி, பீடி எதுவாக இருந்தாலும் மெஷினுக்கும் டியூபுக்கும் பத்தடிக்குள் வரக் கூடாது. மூக்குக்கு எண்ணெய்ப்பசை இல்லாத, தண்ணீர் சேர்ந்த ஜெல் மட்டும். டியூபைக் கழற்றினால் முதலில் மெஷினை அணைக்கிறோம். ஓடவிட்டுப் படுக்கையில் போட்டால் மெத்தை முழுக்க ஆக்சிஜன் ஊறிவிடும்.

முன்பணம் இன்னும் வரவில்லை. அந்த வெள்ளைப் பெட்டியைத் துடைத்து மறுபடி ஷோகேஸில் வைத்திருக்கிறார்கள். போன வாரம் என் கண்ணாலேயே பார்த்தேன்.