ஒல்லியான உடம்பில் கொழுப்பு ஈரல்: எடைக் குறைப்பா, உணவு மாற்றமா, தசைப் பயிற்சியா, மாத்திரையா?

மும்பை செம்பூரில் வசிக்கும் என் சித்தி மகனுக்கு வயது 38. உயரம் 168 செ.மீ., எடை 62 கிலோ, ஆகவே பி.எம்.ஐ. 22. இந்தியர்களுக்கென வகுத்த 23 என்ற எல்லைக்குக்கூட இது உள்ளேதான் இருக்கிறது. ஆனால் அலுவலகத்தின் ஆண்டுப் பரிசோதனையில் இரத்தக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 238, ‘நல்ல கொழுப்பு’ எனப்படும் எச்.டி.எல். 34, கல்லீரல் நொதியான எஸ்.ஜி.பி.டி. 48 என்று வந்தன. அல்ட்ராசவுண்டில் முதல் நிலைக் கொழுப்பு ஈரல் என்றும் எழுதியிருந்தார்கள். மதுப் பழக்கம் இல்லை, தைராய்டு சரியாக இருக்கிறது, வெறும் வயிற்றில் மீண்டும் எடுத்த சோதனையிலும் எண்கள் பெரிதாக மாறவில்லை. மூன்று கிலோ குறைத்தால் போதும் என்றார் ஒருவர். ‘இருப்பதே எலும்பும் தோலும், இதில் எதைக் குறைப்பது?’ என்று கேட்டார் சித்தி. ஜிம்முக்குப் போகச் சொன்னார் நண்பர். மாத்திரையில் முடியும் விஷயம் என்றார் இன்னொருவர். இந்த நான்கு வழிகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பதற்கு முன்னால், கோளாறு எங்கே தொடங்குகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் 2004ஆம் ஆண்டு ‘லான்செட்’ இதழில் தங்கள் உடல்களையே எடுத்துக்காட்டாக வைத்தார்கள். இருவரின் பி.எம்.ஐ.யும் 22.3; ஆனால் உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். எடைக்கருவி ஒரே எண்ணைக் காட்டும்போது கொழுப்பு கூடுதலாக இருக்கிறது என்றால், வேறெதுவோ குறைவாக இருக்க வேண்டும். அப்படிக் குறைந்திருப்பதில் முக்கியமானது தசை. சாப்பிட்ட சோற்றின் குளுக்கோஸை வாங்கிச் சேமிக்கும் பெரிய கிடங்கு தசைதான். அந்தக் கிடங்கு சிறியதாகவும் இன்சுலினுக்கு மந்தமாகவும் இருந்தால், மீந்த குளுக்கோஸ் கல்லீரலுக்குத் திரும்பி அங்கே கொழுப்பாக மாறுகிறது. ஒரு பகுதி கல்லீரலிலேயே தங்கிவிடுகிறது. மறு பகுதி ட்ரைகிளிசரைடாக இரத்தத்தில் இறங்குகிறது. இரத்தத்தில் ட்ரைகிளிசரைடு மிகுந்தால் அது எச்.டி.எல். துகள்களுக்குள்ளும் ஏறிக்கொள்கிறது, அப்படி மாறிய துகள்களை உடல் விரைவாகவே அப்புறப்படுத்திவிடும். மூன்று கோளாறுகளாகத் தெரிபவை உண்மையில் ஒரே சங்கிலியின் கண்ணிகள் என்பதால், எந்த வழி இந்தச் சங்கிலியை எந்த இடத்தில் தொடுகிறது என்பதையே நான் அளவுகோலாகக் கொள்கிறேன்.

எடைக் குறைப்பை முதலில் எடுத்துக்கொள்வோம். சித்தியின் கேள்வி நியாயமானதுதான் என்றாலும், பதில் அவர் நினைப்பதற்கு மாறானது. ஹாங்காங்கில் நடந்து 2018இல் வெளியான ஓர் ஆய்வில், உடல் பருமன் இல்லாத கொழுப்பு ஈரல்காரர்களில் பாதிப் பேருக்கு, எடையில் 3 முதல் 5 சதவீதம் குறைந்தபோதே ஈரல் கொழுப்பு நீங்கியது. பருமனானவர்களுக்கு 7 முதல் 10 சதவீதம் தேவைப்பட்டது. 62 கிலோவுக்கு இது இரண்டிலிருந்து மூன்று கிலோதான். இடுப்பு 89 செ.மீ., அதாவது உயரத்தில் பாதிக்கும் மேல் என்பதால், குறைப்பதற்கு வயிற்றுக்குள் கொழுப்பு இருக்கவே செய்கிறது. ஆனால் இரவுச் சாப்பாட்டைத் தவிர்த்துப் பட்டினி கிடந்து அந்த மூன்று கிலோவைக் குறைத்தால், அதில் ஒரு பங்கு தசையாகத்தான் போகும். ஏற்கெனவே பற்றாக்குறையாக இருப்பதையே மேலும் குறைப்பது அவருக்கு நஷ்டம்.

உணவு மாற்றம் இதைவிட நேரடியானது. அவருடைய ஒரு நாளைப் பார்த்தால், காலையில் நான்கு இட்லி, மதியம் டப்பாவில் சோறு, மாலையில் வடாபாவ், இரவு ஒன்பதரைக்கு மீண்டும் சோறு. இடையே இரண்டு கரண்டி சர்க்கரை போட்ட தேநீர் நான்கு முறை. தேநீர் வழியாக மட்டும் நாளுக்கு ஏறத்தாழ 40 கிராம் சர்க்கரை உள்ளே போகிறது. அதில் பாதியான ஃப்ரக்டோஸ் பெரும்பாலும் கல்லீரலுக்கே சென்று கொழுப்பாக எளிதில் மாறக்கூடியது. தேநீர்ச் சர்க்கரையை நிறுத்தி, இரவுச் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் சுண்டல், முட்டை, தயிர், கெட்டிப் பருப்பு ஆகியவற்றை வைத்தால், எடை பெரிதாக மாறாமலே ட்ரைகிளிசரைடு சில வாரங்களில் இறங்கத் தொடங்கும். இதில் அடிக்கடி நேரும் பிழை ஒன்று உண்டு: எண்ணெயைக் கண்டு பயந்து பொரியலில் தாளிப்பைக்கூடக் குறைத்துவிட்டு, பசிக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொள்வார்கள். கொழுப்பு என்ற பெயரைக் கேட்டவுடன் எண்ணெயைச் சந்தேகிப்பது இயல்புதான். ஆனால் இந்த உடம்பில் ட்ரைகிளிசரைடை ஏற்றிவிடுவதில் தட்டிலுள்ள மாவுச்சத்துக்கும் சர்க்கரைக்கும் பெரும் பங்கு இருக்கிறது.

சங்கிலியின் முதல் கண்ணியையே தொடுவது தசைப் பயிற்சி. ஏல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இல், ஒல்லியான இளைஞர்களில் தசை இன்சுலினுக்கு மந்தமாக இருந்தவர்களுக்கு, உணவுக்குப் பின் கல்லீரலில் புதிதாகக் கொழுப்பு உருவாவது மற்றவர்களைவிட இரு மடங்குக்கும் மேல் என்று காட்டினார்கள். 2011இல் அதே குழு, 45 நிமிட உடற்பயிற்சி ஒருமுறை செய்த பிறகு அந்த உருவாக்கம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்ததையும் கண்டது. அந்த ஒரு பயிற்சியில் யாருக்கும் எடை குறைந்திருக்க முடியாது. தசையில் கிளைக்கோஜனாகச் சேமித்திருந்த குளுக்கோஸ் செலவானதால் அடுத்த வேளை குளுக்கோஸுக்கு இடம் கிடைத்தது, அவ்வளவுதான். இந்த விளைவு ஓரிரு நாளில் மங்கிவிடுவதால், ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் மலையேறுவதைவிட, இரண்டு நாள் இடைவெளி விழாமல் வாரம் முழுவதும் பரவிய பயிற்சியே இங்கே பயன்படும். ஹார்பர் லைன் ரயிலில் நின்றுகொண்டே போய்வருவது பயிற்சியில் சேராது. குந்தி எழுதல், சுவரிலோ தரையிலோ தண்டால், எடை தூக்குதல் என்று பெரிய தசைகளுக்கு வாரம் மூன்று நாள் வேலை கொடுத்து, இரவு உணவுக்குப் பின் 20 நிமிடம் நடந்தால் அவருக்குத் தொடக்கத்தில் போதும். குறை என்னவென்றால், தசை வளர மாதங்கள் பிடிக்கும். போதிய புரதம் இல்லாவிட்டால் வளரவும் வளராது. ஆகவே இந்த வழி உணவு மாற்றத்தோடு சேர்ந்தேதான் நடக்க முடியும்.

மாத்திரையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஃபீனோஃபைப்ரேட் ட்ரைகிளிசரைடை நன்றாகவே இறக்கும், ஆனால் கல்லீரலில் தங்கிய கொழுப்பு அதனால் குறைவதில்லை. அறிக்கையில் ஓர் எண் அழகாகிவிட, மூலக் கோளாறு அப்படியே இருக்கும். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின், இதய நோய் அபாயத்தைக் கணக்கிட்டு மருத்துவர் தீர்மானிக்க வேண்டியது. கொழுப்பு ஈரல் இருக்கிறது என்பதற்காக மட்டும் அதை மறுக்க வேண்டியதில்லை. சரோக்ளிட்டசார் இந்தியாவில் ட்ரைகிளிசரைடுக்கும் ஈரல் அழற்சிக்கும் ஒப்புதல் பெற்ற மருந்து. என்றாலும் அழற்சிக்கோ வடுவுக்கோ அடையாளம் இல்லாத முதல் நிலையில் அதற்கு அவசரமில்லை. அவருடைய வயது, இன்னொரு கல்லீரல் நொதியான எஸ்.ஜி.ஓ.டி. 32, எஸ்.ஜி.பி.டி. 48, தட்டணுக்கள் 2.4 லட்சம் ஆகியவற்றை வைத்துக் கணக்கிட்ட, ஈரல் வடுவை ஊகிக்க உதவும் ஃபிப்-4 மதிப்பு 0.73. இது 1.3க்குக் கீழே இருப்பதால் முற்றிய வடு இருக்க வாய்ப்புக் குறைவு. ட்ரைகிளிசரைடு 500ஐத் தாண்டியிருந்தால் மட்டும் வரிசை தலைகீழாகும். அங்கே கணைய அழற்சி அச்சம் இருப்பதால் மாத்திரை முதலில், மற்றவை உடன்.

எனவே அவருக்கு நான் சொன்னது, உணவையும் தசைப் பயிற்சியையும் ஒன்றாகத் தொடங்கி, எடையை விட்டுவிட்டு இடுப்பை அளக்க வேண்டும் என்பது. மூன்றாவது மாதச் சோதனையில் ட்ரைகிளிசரைடு 150ஐ நெருங்கி, எச்.டி.எல். மட்டும் 34லேயே நின்றால் அதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, எச்.டி.எல். மெதுவாகத்தான் ஏறும், எடை இறங்கும் காலத்தில் சற்றுக் குறையவும் செய்யலாம். மாறாக, எடை மூன்று கிலோ இறங்கியும் இடுப்பு 89லேயே இருந்தால், குறைந்தது தசையாக இருக்கலாம் என்று சந்தேகித்துப் புரதத்தையும் பயிற்சியையும் கூட்ட வேண்டும். அல்ட்ராசவுண்டை ஆறு மாதத்துக்கு முன் திரும்ப எடுப்பதில் பயனில்லை. லேசான கொழுப்பை அந்தக் கருவி தவறவிடக்கூடும் என்பதால், அப்போது ‘இயல்பு’ என்று வந்தாலும் எஸ்.ஜி.பி.டி.யையும் ட்ரைகிளிசரைடையும் பக்கத்தில் வைத்துத்தான் அதைப் படிக்க வேண்டும்.