நள்ளிரவில் பணம் அனுப்புவோர் கவனத்திற்கு: பராமரிப்பு நேரத்தில் ஒரே கட்டணம் இருமுறை போனது

மகளின் கல்லூரிக் கட்டணத்தைச் செலுத்தக் கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை என்பதால், சனிக்கிழமை நள்ளிரவு தாண்டி 1.10 மணிக்கு வங்கிச் செயலியில் பணம் அனுப்பினேன். செயலி வழக்கம்போலத் திறந்தது, கடவுச்சொல்லை ஏற்றது, கணக்கிருப்பும் குறைந்தது. ஆனால் பரிமாற்றத்தின் எதிரில் ‘நிலுவையில்’ என்று மட்டுமே இருந்தது. இருபது நிமிடம் பொறுத்தும் அது மாறாததால், முதல் முயற்சி தோற்றுவிட்டது என்று எண்ணி மீண்டும் ஒருமுறை அனுப்பினேன். காலை 6.30 மணிக்கு இரண்டும் நிறைவேறியிருந்தன. கூடுதலாகப் போன தொகை கல்லூரியிலிருந்து திரும்பி வர ஒன்பது நாட்கள் ஆயின.

அன்றிரவு 1 மணி முதல் 5 மணி வரை திட்டமிட்ட பராமரிப்பு என்று வங்கி அறிவித்திருந்தது உண்மைதான். ஆனால் அந்த அறிவிப்பு செயலியின் செய்திப் பெட்டிக்குள், விளம்பரங்களுக்கு நடுவே கிடந்தது. குறுஞ்செய்தி எதுவும் வரவில்லை. பணம் அனுப்பும் திரையில் ஒரு வரி எச்சரிக்கை இருந்திருந்தால் நான் காத்திருந்திருப்பேன். இதை வங்கியின் பிழையாகவே கருதுகிறேன்.

நடந்தது இதுதான். கணக்குகளை வைத்திருக்கும் மைய அமைப்பு நிறுத்தப்பட்டிருந்தாலும், செயலி தனியாக இயங்கி நம் உத்தரவுகளை வாங்கி வரிசையில் வைக்கக்கூடும். அப்போது குறைந்ததாகத் தெரியும் இருப்பு, பிடித்து வைக்கப்பட்ட தொகையே தவிர, பெறுபவரைச் சென்றடைந்த பணம் அல்ல. அமைப்பு மீண்டதும் வரிசையில் உள்ளவை ஒவ்வொன்றாக நிறைவேறும். ஆகவே ‘தோல்வி’ என்று தெளிவாக வந்து, பிடித்த தொகையும் கணக்குக்குத் திரும்பிய பிறகே மறுபடி அனுப்ப வேண்டும். ‘நிலுவையில்’ என்றிருக்கும்வரை தொடவே கூடாது.

உங்கள் வங்கியின் அறிவிப்பை மட்டும் பார்ப்பதும் போதாது, ஏனெனில் பெறுபவரின் வங்கி பராமரிப்பில் இருந்தாலும் பணம் நடுவழியில் நிற்கும். வெளிநாட்டு வங்கியாக இருந்தால், அறிவிப்பில் உள்ள நேரம் எந்த நாட்டு நேரம் என்பதையும் கவனியுங்கள். முன்கூட்டியே தேதி குறித்து வைக்கும் தானியங்கிப் பரிமாற்றங்களைப் பல வங்கிகள் அதிகாலையில்தான் இயக்குகின்றன என்பதால், அவையும் இதே இடைவெளியில் சிக்கலாம். கடைசி நாளுக்கு இரண்டு வேலை நாட்கள் முன்னதாகவே தேதி குறித்து, அன்று காலையில் பணம் போய்விட்டதா என்று பாருங்கள். வார இறுதி இரவுகளில் முக்கியமான எதையும் அனுப்பாதீர்கள். 5 மணிக்கு முடியும் என்ற பராமரிப்பு நீளவும் கூடும். என் விஷயத்தில் ஒன்றரை மணி நேரம் நீண்டது.

ஏற்கெனவே சிக்கியிருந்தால், நிலுவைத் திரையையும் பராமரிப்பு அறிவிப்பையும் உடனே படம் பிடித்து, பரிமாற்றக் குறிப்பெண்ணுடன் வங்கிக்கு எழுத்து மூலம் புகார் கொடுங்கள். பெறுபவருக்கும் அதே குறிப்பெண்ணை அன்றே அனுப்பிவிடுங்கள்; தாமதக் கட்டணத்தை விலக்கக் கேட்கும்போது, நீங்கள் உரிய நேரத்தில் அனுப்பினீர்கள் என்பதற்கு அதுவே சான்றாகும்.