ரோஸ் கர்வும் வட்டமும்: வெட்டுற கோணத்தை விடாம பிடிக்க எந்த வழி தேவலை?

ஒரு போலார் கர்வுக்கு உள்ள, இன்னொன்னுக்கு வெளிய இருக்குற ஏரியான்னு கேட்டா ஃபார்முலா எல்லாருக்கும் மனப்பாடம், ½∫(r₁² − r₂²)dθ, அதுல யாரும் தப்பு விடறதில்ல. மார்க் போறது லிமிட்லதான். கொழிஞ்சாம்பாறைல எங்க டியூஷனுக்கு வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கமிருந்து வர்ற டிகிரி பசங்ககிட்ட நான் பாக்குறது மூணு நாலு வழி, ஒவ்வொருத்தரும் அவங்கவங்க வழிதான் சரின்னு அடிச்சு பேசுவாங்க, அதை ஒரே கணக்குல வச்சு பாத்துடலாம்.

கணக்கு இதுதான்: r = 2cos2θ நாலு இதழ் ரோஸ், r = 1 வட்டம். ரோஸுக்கு உள்ள, வட்டத்துக்கு வெளிய எவ்ளோ ஏரியா?

முதல் வழி, முக்காவாசிப் பேர் போறது, ரெண்டையும் சமன் பண்றது. 2cos2θ = 1, அதாவது cos2θ = ½. இதுலயே ஒரு குழி இருக்கு. θ 0-லருந்து 2π வரைக்கும் போனா 2θ 4π வரைக்கும் போகுது, ஆனா பசங்க 2θ = π/3, 5π/3-ன்னு ரெண்டு எழுதி நிறுத்திடுவாங்க. 7π/3, 11π/3-உம் இருக்கே. அதையும் சேத்தா θ = π/6, 5π/6, 7π/6, 11π/6, நாலு கோணம். இந்த நாலை வச்சா வலது இதழ், இடது இதழ் ரெண்டோட நுனிதான் மாட்டும், ஏரியா π/3 + √3/2, ஏறக்குறைய 1.91. பாக்க அழகான ஆன்சர், அதனாலயே யாருக்கும் சந்தேகம் வராது. ஆனா படம் போட்டா மேல ஒரு இதழ், கீழ ஒரு இதழ், அதுங்களும் வட்டத்தைத் தாண்டி 2 வரைக்கும் நீட்டிக்கிட்டு நிக்குது. மொத்தம் எட்டு இடத்துல வெட்டுது, கைல இருக்கறது நாலு.

ஏன் நாலு போச்சு? பொள்ளாச்சி பஸ்ஸும் பாலக்காட்டு பஸ்ஸும் இங்க ஸ்டாண்டுக்குள்ள வந்துதான் போகும், ஆனா வர்ற டைம் வேற வேற. r₁ = r₂-ன்னு போடுறது "ஒரே நேரத்துல ரெண்டும் எங்க நிக்குது"-ன்னு கேக்குறது, நமக்கு வேண்டியது "ரெண்டு ரூட்டும் எங்க சேருது"-ங்கிறது. இங்க டைம்னா θ. மேல் இதழை ரோஸ் வரையறது θ 3π/2 கிட்ட இருக்கும்போது, அப்ப r = −2, மைனஸ்ங்கிறதால புள்ளி நேர் எதிர்ப்பக்கம், அதாவது மேல போய் விழுது. வட்டம் அந்த மேல் பக்கத்துக்கு θ π/2 கிட்ட இருக்கும்போதே போயிட்டு வந்துடுச்சு. சமன்பாட்டுக்கு இது தெரிய வழியே இல்ல.

ரெண்டாவது வழி படம். போன்ல டெஸ்மாஸ்ல `r=1`, `r=2cos(2θ)` ரெண்டையும் அடிச்சா எட்டுப் புள்ளியும் கண்ணுக்கு முன்னால. எண்ணிக்கைக்கு இதை அடிச்சுக்க ஆளில்ல. ஆனா கோணத்தைப் படத்துலருந்து பொறுக்க முடியாது, (0.5, 0.87)-ன்னு தோராயமா படிச்சு அது π/3-ன்னு ஊகிக்கணும், சுத்தமான கோணம் வராத கணக்குல அதுவும் நடக்காது. பரீட்சை ஹாலுக்குள்ள போனும் வராது.

மூணாவது வழிதான் என் ஓட்டு. ஒரே புள்ளிக்கு (r, θ)-ன்னும் பேரு, (−r, θ+π)-ன்னும் பேரு. அதனால ஒரு கர்வுல மட்டும் r இருக்குற இடத்துல −r, θ இருக்குற இடத்துல θ+π போட்டு அதோட ரெண்டாவது முகத்தை எடுத்துக்கணும். ரோஸுக்கு −r = 2cos(2θ + 2π), அதாவது r = −2cos2θ. இப்ப இதை 1-ஓட சமன் பண்ணா cos2θ = −½, θ = π/3, 2π/3, 4π/3, 5π/3. போன நாலும் வந்தாச்சு. மேல் இதழுக்கு லிமிட் π/3-லருந்து 2π/3. ஒரு இதழ் நுனிக்கு

½∫(4cos²2θ − 1)dθ = ½[θ + ½ sin4θ]

−π/6-லருந்து π/6 வரைக்கும் போட்டா π/6 + √3/4. நாலு இதழுக்கு 2π/3 + √3, சுமார் 3.83. முழு ரோஸோட ஏரியா 2π, அதாவது 6.28, அதுக்குள்ள அடங்குது, சரிதான்.

நாலாவதா ஒரு குறுக்கு வழி, சில பேர் கைல இருக்கு: r₁² = r₂²-ன்னு போட்டுடறது. இந்தக் கணக்குல 4cos²2θ = 1, ஒரே அடில எட்டும் வந்துடும், நானே அசந்துதான் பாப்பேன். ஆனா இது ஓடுறது வட்டம் போல்ங்கிற r = 0 புள்ளியை மையமா வச்சதால மட்டும்தான், |r| = 1 ஆனா புள்ளி வட்டத்து மேலதான் இருந்தாகணும். எல்லாத்துக்கும் இழுத்துட்டுப் போனா பொய்ப் புள்ளி வரும். r = 3cosθ வட்டம், r = 1 + cosθ கார்டியாய்ட், இந்த ஜோடியை எடுத்துக்கோங்க. வர்க்கம் போட்டா cosθ = ½ கூடவே cosθ = −¼-ன்னும் ஒண்ணு வருது. அந்த கோணத்துல ஒரு கர்வ் r = −¾, இன்னொண்ணு r = ¾, எதிர் எதிர் பக்கம் நிக்குது, வெட்டவே இல்ல. இதே ஜோடிக்கு மூணாவது வழில கார்டியாய்டை மாத்திப் போட்டா cosθ = −½ வரும், அதுல θ = 2π/3, r = −3/2, பாத்தா அது −π/3-ல ஏற்கனவே பிடிச்ச புள்ளியேதான். அந்த வழில பழையது ரெண்டாவது தடவ வரலாம், பொய் வராது.

ஆனா மூணாவது வழியும் கோட்டை விடுற இடம் ஒண்ணு உண்டு, போல். இதே ஜோடில வட்டம் போலுக்கு வர்றது π/2-ல, கார்டியாய்ட் வர்றது π-ல. போல்ல r = 0, கோணம் என்னவா இருந்தாலும் அதே புள்ளி, அதனால எந்தச் சமன்பாட்டுலயும் அது சிக்காது. ஒவ்வொரு கர்வையும் தனித்தனியா r = 0 போட்டுப் பாக்கணும், ரெண்டுக்கும் விடை இருந்தா போலும் வெட்டுப்புள்ளி, அவ்ளோதான். ரோஸ் கணக்குல r = 1 எப்பவும் 0 ஆகாது, அங்க இந்த வேலை ஒரு வரில முடிஞ்சுது.

இதை விட்டா என்ன ஆகும்னு கார்டியாய்டுக்கு உள்ள, வட்டத்துக்கு வெளிய ஏரியா கேக்கும்போது தெரியும். ±π/3 மட்டும் கைல வச்சுக்கிட்டு π/3-லருந்து 5π/3 வரைக்கும் ஒரே இன்டகிரலா கழிச்சா −2π வரும். "மாஷே, ஏரியா மைனஸ்ல வருது"-ன்னு ஒரு பொண்ணு நோட்டைத் தூக்கிட்டு வந்தா, அது நல்ல அறிகுறி, தப்பு தானா காட்டிக் குடுத்துடுச்சு. π/2 தாண்டுனதும் 3cosθ மைனஸ் ஆகி வட்டம் வலது பக்கத்தையே மறுபடி வரையுது, நாம இடது பக்கத்துலருந்து அதைக் கழிச்சுட்டு இருக்கோம். சரியா போடணும்னா மேல் பாதிக்கு கார்டியாய்டை π/3-லருந்து π வரைக்கும், வட்டத்தை π/3-லருந்து π/2 வரைக்கும் மட்டும், ரெண்டுக்கும் லிமிட் வேற. கழிச்சா π/8, கீழ்ப் பாதியும் சேத்து π/4.

ஹால்ல போன் இல்லாத எடத்துல என்ன பண்றதுன்னா 15 டிகிரிக்கு ஒண்ணா r மதிப்பு எழுதி, மைனஸ் வந்த வரிக்கெல்லாம் பக்கத்துல எதிர்ப்பக்க கோணத்தையும் எழுதிடுங்க, கோட்டுப்படம் கோணலா வந்தாலும் பரவால்ல, எத்தன வெட்டு இருக்குன்னு தெரிஞ்சா போதும், அந்த எண்ணிக்கையும் சமன்பாட்டுல வந்த கோணங்களும் ஒத்துப்போற வரைக்கும் இன்டகிரல் பக்கம் போகாதீங்க.