மேலே படிக்காதே, கீழே எழுதாதே: மூன்று அணுகல் முறைகள்

புளியரையில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸ் என்று வைத்துக்கொள்வோம். கணக்கரிடம் கேரள லோடுகளுக்கான வாடகைப் பட்டியல் இருக்கிறது. அதை வேறு யாரும் பார்க்கக் கூடாது. செங்கோட்டையில் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த ஒரு கோப்பை வைத்துத்தான், ஒரு கோப்பை யார் தொடலாம் என்று கணினி முடிவு செய்யும் மூன்று முறைகளையும் சொல்லிக்கொடுக்கிறேன்.

முதலில் டிஏசி, அதாவது விருப்ப அணுகல் கட்டுப்பாடு. கோப்பின் சொந்தக்காரரே அனுமதியை முடிவு செய்வார்:

```
chmod 600 vaadagai.txt
```

இனி அவர் மட்டுமே படிக்கலாம், எழுதலாம். ஆனால் புக்கிங் பையன் "ஜிஎஸ்டி கணக்குப் போட" என்று ஒரு நிரல் கொடுக்கிறான். அதற்குள் இது ஒளிந்திருக்கிறது:

```
cp vaadagai.txt /tmp/b
chmod 644 /tmp/b
```

கணக்கர் இயக்கியதால் நிரல் அவருடைய உரிமையோடு ஓடுகிறது. பட்டியல் பையன் கைக்குப் போய்விட்டது. இத்தனைக்கும் எந்த விதியும் மீறப்படவில்லை. டிஏசியின் ஓட்டை இதுதான்: யார் படிக்கலாம் என்று பார்க்கும், படித்தது எங்கே போகிறது என்று பார்க்காது.

எம்ஏசி, அதாவது கட்டாய அணுகல் கட்டுப்பாடு, அதைப் பார்க்கும். இங்கே கோப்புக்கும் ஆளுக்கும் 'ரகசியம்', 'பொது' என்று அடுக்கு ஒட்டுவது நிர்வாகம். சொந்தக்காரர் நினைத்தாலும் மாற்ற முடியாது. தேர்வில் எழுத வேண்டிய பெல்-லாபடுலா மாதிரி, அமெரிக்க விமானப்படைக்காக மைட்டர் நிறுவனத்தில் 1973-இல் உருவானது. எளிய பாதுகாப்பு விதி, மேல் அடுக்கைப் படிக்காதே என்கிறது. ஸ்டார் விதி, கீழ் அடுக்கில் எழுதாதே என்கிறது. பட்டியல் 'ரகசியம்', `/tmp/b` 'பொது' என்றால், ரகசிய அடுக்கில் ஓடும் நிரலால் அங்கே எழுதவே முடியாது. `cp` அங்கேயே நின்றுவிடும்.

பிள்ளைகள் சறுக்குவது இந்த ஸ்டார் விதியில்தான். "பெரிய அதிகாரி கீழே எழுதக் கூடாதா?" என்று கேட்பார்கள். எழுதலாம், ஆனால் தாழ்ந்த அடுக்கில் உள்நுழைந்து எழுத வேண்டும். அப்போது ரகசியக் கோப்பு அவருக்கே திறக்காது. விதி நம்பாதது அவரை அல்ல, அவர் பெயரில் ஓடும் நிரலை. இந்த ஒரு வரியை விடையில் எழுதினால் புரிந்து எழுதியது தெரியும்.

மூன்றாவது ஏபிஏசி, அதாவது பண்பு சார்ந்த அணுகல் கட்டுப்பாடு. இதில் ஆள், கணினி, நேரம் போன்ற பண்புகளைச் சேர்த்து விதி எழுதலாம்: கணக்குப் பிரிவு ஆள், ஆபீஸ் கணினி, காலை 9 முதல் மாலை 6 வரை. ஷிஃப்ட் மாறும் இடங்களுக்கு இதைத்தான் நான் பரிந்துரைப்பேன். ஆனால் பையனின் நிரல் காலை 11 மணிக்கு, ஆபீஸ் கணினியில், கணக்கர் பெயரில்தான் ஓடுகிறது. எல்லா நிபந்தனையும் பொருந்துகிறது. படித்தது எங்கே எழுதப்படுகிறது என்பதற்கும் விதி எழுதாவிட்டால், பட்டியல் டிஏசியில் போனது போலவே போய்விடும்.

அப்புறம் ஒன்று. பெல்-லாபடுலா ரகசியத்தை மட்டுமே காக்கிறது. மேல் அடுக்கில் எழுதுவதை ஸ்டார் விதி தடுக்காததால், பட்டியலைப் படிக்க முடியாத பையன் அதன் கடைசியில் ஒரு பொய் வாடகையைச் சேர்க்க அந்த அடுக்கு விதிகளில் இடம் உண்டு. அதை அடைக்க 1975-இல் பிபா மாதிரி வந்தது. அது மேலே எழுதுவதைத் தடுக்கிறது.