வாய்ஸ் நோட்டா, சாம்பிள் விளம்பரமா, ஒரு பக்க பிரீஃபா: காப்பிரைட்டர் கையில் எதைக் கொடுக்கலாம்?

சின்னக் கடைக்காரர்கள் ஃப்ரீலான்ஸ் காப்பிரைட்டருக்கு வேலை சொல்வது பெரும்பாலும் மூன்று வழிகளில்தான். ஒன்று, வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட்டு. இரண்டாவது, யாரோ போட்ட விளம்பரத்தை அனுப்பி ‘இதே மாதிரி’ என்பது. மூன்றாவது, யாருக்கு, அவருக்குக் கொடுக்கும் வாக்கு என்ன, எந்தத் தொனி, எது கூடாது என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுப்பது. நாலாவதாக இருபது கேள்வி கொண்ட ஃபார்ம் ஒன்று இருக்கிறது, ‘உங்கள் பிராண்ட் ஒரு மனிதராக இருந்தால் எப்படி இருப்பார்’ என்றெல்லாம் கேட்கும். செக்கு ஓட்டுகிறவரிடம் அதை நீட்டினால் ‘தெரியல’ என்று எழுதித் தருவார், அவர் மேல் தப்பே இல்லை. அதை இங்கேயே விட்டுவிடலாம்.

ஒப்பிட ஒரே கடையை எடுத்துக்கொள்வோம். ஈரோடு பக்கம் ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடை. கடலை எண்ணெயைக் கோயம்புத்தூர் அபார்ட்மென்ட்காரர்களுக்கு விற்க ஒரு நோட்டீஸும், வாட்ஸ்அப்பில் போட நாலு வரியும் வேண்டும்.

வாய்ஸ் நோட்டு இப்படி வரும்: “தம்பி, நம்ம எண்ணெய் சுத்தமானதுங்க, ஒரு கலப்படம் கிடையாது. தாத்தா காலத்துச் செக்கு, வாகை மரம். இதைச் சாப்பிட்டா சுகர், பிரஷர் எதுவும் கிட்ட வராதுன்னு போட்டுடுங்க. போன வாரம் ஒரு அம்மா பாட்டிலைத் திருப்பிக் கொண்டாந்துட்டாங்க, அடியில மண்டி நிக்குது, என்னத்தையோ கலந்திருக்கீங்கன்னு ஒரே சண்டை. அவங்களுக்கு என்னங்க தெரியும்… சரி, நீங்க ஜம்முனு எழுதிடுங்க.”

வாக்கு என்று பார்த்தால் இதில் ஒன்றும் தேறாது. ‘சுத்தம், கலப்படம் இல்லை’ என்று எல்லாச் செக்கும் சொல்கிறது. எல்லை என்று பார்த்தால் ஆபத்தே இருக்கிறது, அந்தச் சுகர் வரியை அப்படியே எழுதினால் மாட்டிக்கொள்வது கடைக்காரர்தான். ஆனால் போகிற போக்கில் சலித்துக்கொண்டாரே, மண்டியைப் பார்த்துப் பாட்டிலைத் திருப்பிய அந்த அம்மா, அவர்தான் இந்த வேலைக்கே முக்கியமான ஆள். பல வருஷம் கண்ணாடி போலத் தெளிந்த ரீஃபைண்ட் எண்ணெய் வாங்கிப் பழகியவர், கூட விலை கொடுத்து மாறிப் பார்த்தவர், மாறியதும் சந்தேகப்பட்டவர். எந்த ஃபார்மும் இவரைக் கொண்டுவந்து நிறுத்தாது. பேச விட்டால்தான் வருவார்.

சாம்பிள் விளம்பரத்தில் கிடைப்பது தொனி மட்டும், அதுவும் அரைகுறையாக. கடைக்காரர் அனுப்புவது அநேகமாக ஒரு பெரிய ரீஃபைண்ட் பிராண்டின் விளம்பரமாக இருக்கும். அந்த எண்ணெய்க்கு வாசமே கிடையாது என்பதுதான் அவர்கள் பெருமை, நம் எண்ணெய்க்கு வாசம்தான் பெருமை. அதே மாதிரி எழுதினால் நம் சரக்கையே மறுத்து எழுதியதாகிவிடும். ‘இதில் உங்களுக்கு எது பிடிச்சதுங்க அண்ணா?’ என்று கேட்டால் பாதி நேரம் ‘அந்த மஞ்சக் கலர்’ என்றுதான் பதில் வரும். அது டிசைனருக்குப் போக வேண்டிய தகவல். சாம்பிள் கேட்பதாக இருந்தால் பிடிக்காத விளம்பரம் இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். பிடிக்காததற்குக் காரணம் சொல்ல எல்லாருக்கும் வருகிறது.

இப்போது ஒரு பக்க பிரீஃப். இதே கடைக்கு நான் எழுதினால் இப்படி இருக்கும்:

யாருக்கு: ரீஃபைண்டில் இருந்து மாறலாமா என்று யோசிக்கிறவர், அல்லது ஒரு பாட்டில் வாங்கிவிட்டு அடியில் மண்டியைப் பார்த்துத் தயங்குகிறவர்.
வாக்கு: எங்கள் எண்ணெய் எப்படி வருகிறது என்பதை நீங்களே பார்க்கலாம். ஆதாரம்: செக்கு கடையின் முன்பக்கம் ஓடுகிறது, ஆட்டிய எண்ணெயைப் படியவைத்துத் துணியில் வடிகட்டுவதோடு சரி.
தொனி: கடையில் நின்று விவரம் சொல்வது போல. ‘நீங்க, வாங்க’ என்ற பேச்சு வழக்கு இருக்கலாம், சினிமா வசனம் வேண்டாம்.
எல்லை: நோய் பற்றி ஒரு சொல் கூடாது. மற்ற எண்ணெயைத் திட்டக் கூடாது. விலை போடக் கூடாது, கடலை விலை ஏறினால் நோட்டீஸ் வீணாகும்.

‘25 முதல் 45 வயதுப் பெண்கள்’ என்று எழுதியிருந்தால் எதையும் எழுதாததற்குச் சமம், அதை வைத்து ஒரு வரிகூட ஓடாது. வாக்கு தேறுமா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு: அதே வரியைப் பக்கத்துக் கடைக்காரரும் போர்டில் எழுதிக்கொள்ள முடியுமா? முடிந்தால் அது வாக்கு இல்லை. ‘தாத்தா காலத்துச் செக்கு’ அந்த இடத்தில் விழுந்துவிடுகிறது, ‘வந்து பாருங்க’ நிற்கிறது, ஏனென்றால் செக்கைக் கண்ணெதிரே ஓட்டுகிறவர்தான் அதைச் சொல்ல முடியும்.

எல்லைக் கட்டம்தான் பலரும் காலியாக விடுவது, உணவுப் பொருளில் அதுதான் அடி வாங்கித் தருவதும். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2018 விளம்பர விதிகள் லேபிளோடு நிற்பதில்லை, விளம்பரத்துக்கும் பொருந்தும். நோயைத் தடுக்கும், குணமாக்கும் என்று உணவை விற்க முடியாது. ‘இயற்கை’, ‘தூய’, ‘பாரம்பரிய’ போன்ற சொற்களுக்குக்கூட அந்த விதிகளில் நிபந்தனை உண்டு, சும்மா அழகுக்குப் போட்டுக்கொள்ளக் கூடாது. ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்பது இன்னொரு வம்பு: எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் பொருட்படுத்தும் அளவுக்குக் கிடையாது, அதை நம் சிறப்பு போலச் சொன்னால் ஆளை ஏமாற்றுவதுதான். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53ஆம் பிரிவில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் இருக்கிறது. எல்லையை முதலிலேயே சொல்லிவிட்டால் காப்பிரைட்டர் அந்தப் பக்கம் போய் ஒரு நாளை வீணாக்க மாட்டார்.

மூன்று வழியிலும் கடைசியில் வரும் வரியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாய்ஸ் நோட்டை மட்டும் நம்பினால்: ‘தாத்தா காலத்துத் தூய்மை, கலப்படமற்ற கடலை எண்ணெய்.’ சாம்பிளை நம்பினால்: ‘இலகுவான சமையல், இதமான குடும்பம்.’ பிரீஃபில் இருந்து: ‘பாட்டில் அடியில் கொஞ்சம் மண்டி நிற்கும். அது கடலைத் துகள்தாங்க. சந்தேகமா? வாங்க, செக்கு முன்னாடியேதான் ஓடுது.’ மூன்றாவதைப் படித்தால் அந்த அம்மா அடுத்த பாட்டிலைத் திருப்ப மாட்டார்.

ஆனாலும் கடைக்காரரையே அந்த ஒரு பக்கத்தை எழுதச் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பேனாவை எடுத்ததும் அவரும் ‘தரமே எங்கள் தாரக மந்திரம்’ என்று ஆரம்பித்துவிடுவார், மண்டிச் சண்டை காணாமல் போகும். அதனால் என் ஓட்டு இரண்டுக்கும் சேர்த்து: முதலில் வாய்ஸ் நோட்டு, எவ்வளவு நீளமானாலும் சரி, கூடவே ‘திரும்பி வந்த சரக்கு எது, எதுக்குச் சண்டை போட்டாங்க?’ என்று ஒரு கேள்வி. அப்புறம் காப்பிரைட்டரே அதை ஒரு பக்கமாக்கி அனுப்பி, கடைக்காரரிடம் ‘சரி’ வாங்கிய பிறகுதான் முதல் வரியை எழுத வேண்டும். கடையில் மகனோ மருமகளோ கணக்குப் பார்க்கிறவராக இருந்தால் அவருடைய ‘சரி’யும் வேண்டும், இல்லாவிட்டால் எழுதி முடித்த பிறகு ஆடித் தள்ளுபடியோடு வந்து நிற்பார்.

பிரீஃபில் எது ஓட்டை என்பது முதல் டிராஃப்ட்டுக்கு வரும் பதிலிலேயே தெரியும். ‘இன்னும் கொஞ்சம் பன்ச்சா’ என்றால் வாக்கில் கோளாறு. ‘நல்லா இருக்கு, ஆனா நம்ம கடை மாதிரி இல்லீங்க’ என்றால் தொனி. ‘இதையும் சேர்த்துடுங்க’ என்றால் இரண்டாவது வாக்கு ஒன்று உள்ளே நுழைகிறது. அப்போது டிராஃப்ட்டைத் திருத்த உட்காராமல் அந்தப் பக்கத்தைத் திருத்தி மறுபடி ‘சரி’ வாங்குங்கள், சேர்ப்பதாக இருந்தால் எதை எடுப்பது என்று அவரிடமே கேளுங்கள்.