தடித்த டர்க்கி டவலா, ஈரிழைத் துண்டா: சென்னை ஈரத்துக்கு எது ஒத்துவரும்?

கடையில் டவலைத் தொட்டுப் பார்த்தால் கை தானாகத் தடித்ததைத்தான் எடுக்கும். 600 ஜிஎஸ்எம் டர்க்கி டவல் மெத்தென்று இருக்கும், தண்ணீரையும் நிறைய இழுக்கும். அதில் சந்தேகமில்லை. ஆனால் சென்னையில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இழுத்த தண்ணீரை அது எப்போது விடும்? இதை வைத்துத்தான் எங்கள் வீட்டில் அன்றாடக் குளியலுக்கு ஈரிழைத் துண்டு என்று முடிவானது.

ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். 75 செ.மீ. அகலம், 150 செ.மீ. நீளம் உள்ள துண்டின் பரப்பு 1.125 சதுர மீட்டர். அந்த அளவில் 600 ஜிஎஸ்எம் டவல் 675 கிராம் இருக்கும், 400 ஜிஎஸ்எம் டவல் 450 கிராம். ஈரிழைத் துண்டில் ஜிஎஸ்எம் அச்சிட்டிருப்பது அரிது. சமையலறைத் தராசில் எடை போட்டு, பரப்பால் வகுத்துக்கொள்ளலாம். 190 கிராம் இருந்தால் ஏறக்குறைய 170 ஜிஎஸ்எம்.

வாஷிங் மெஷினில் நன்றாகச் சுழன்று வெளிவரும் பருத்தித் துணியில், அதன் சொந்த எடையில் சுமார் பாதி அளவுக்குத் தண்ணீர் தங்கியிருக்கும். மெஷினின் வேகத்தைப் பொறுத்து இது கூடும், குறையும். அந்தக் கணக்கில் தடித்த டவலில் 340 கிராம், நடுத்தர டவலில் 225 கிராம், ஈரிழைத் துண்டில் 95 கிராம் தண்ணீர். கொடியில் விரித்தால் மூன்றும் காற்றுக்குக் காட்டும் பரப்பு ஏறத்தாழ ஒன்றுதான். அதனால் ஈரம் வெளியேறும் வேகமும் கிட்டத்தட்ட ஒன்றே. ஈரிழைத் துண்டு மூன்று மணி நேரத்தில் காய்ந்தால், தடித்த டவலுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் தேவைப்படும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றே ஈரத்தில் ஊறிக் கிடக்கும்போது அந்தப் பத்து மணி நேரம் மறுநாள் குளியலையும் தாண்டிப் போகும். நான்கு பேர் உள்ள வீட்டின் பால்கனிக் கொடியில் டவல்களை மடித்துப் போட வேண்டி வந்தால் நிலைமை இன்னும் மோசம்.

காயாத டவலில் பாக்டீரியா பெருகுவதால்தான் அந்த முடை நாற்றம் வருகிறது. காய்ந்த பின் மணம் இல்லாதது போலத் தெரியும். முகம் துடைத்து நனைந்ததும் திரும்ப வரும். அப்படி வந்தால் நாற்றம் இழைக்குள் தங்கிவிட்டது என்று பொருள். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் உள்ள வீடுகளில் டர்க்கியின் வளையங்களுக்குள் நல்லெண்ணெய் தங்கிக் காறல் வாடையும் சேரும். ஈரிழைத் துண்டைச் சோப்புப் போட்டுக் கையால் கசக்கினாலே எண்ணெய் போய்விடும்.

உறிஞ்சும் தன்மையில் ஈரிழைக்கு ஒரு குறை உண்டு. புதிதாக வாங்கியதும் கஞ்சியும் பஞ்சின் மெழுகும் இருப்பதால் தண்ணீர் மேலேயே வழியும். வெந்நீரில் சோப்புத்தூள் கரைத்து இரவு முழுக்க ஊறவைத்து, இரண்டு மூன்று முறை துவைத்த பிறகுதான் பழகும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். ஐந்து விநாடிக்குள் அதன் பளபளப்பு மறைந்து இழைக்குள் இறங்கினால் துண்டு தயார். புது டர்க்கி டவலுக்கும் இதே சோதனை பொருந்தும். அதன் மென்மைக்காகத் தடவிய சிலிக்கோன் பூச்சு தண்ணீரைத் தள்ளும். துவைக்கும்போது சாஃப்ட்னர் ஊற்றினால் அதே கோளாறு மறுபடி வரும்.

சாயம் பற்றி, எது என்ன சாயம் என்று கடையில் சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு. அதனால் நனைத்துப் பிழிந்த வெள்ளைக் கைக்குட்டையால் சிவப்புக் கரையைப் பத்து முறை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். லேசாக ஒட்டினால் பரவாயில்லை: நல்ல ரியாக்டிவ் சாயத்திலும் இழையோடு பிணையாமல் மிஞ்சிய சாயம் முதல் மூன்று நான்கு துவைப்பில் வெளியேறும். ஐந்தாவது துவைப்பிலும் தண்ணீர் சிவந்தால் அந்தத் துண்டு கடைசிவரை சாயம் விடும். ஈரத்தோடு குவிந்து கிடந்தால் பக்கத்து வெள்ளை பனியனுக்கும் ஏறும். உப்பு நீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பது பலரின் நம்பிக்கை. சாயப்பட்டறையில் உப்பு, சாயத்தை இழைக்குள் தள்ளத்தான் உதவும், பிணைப்பது காரம். ஆகவே வீட்டில் உப்புப் போட்டுப் பயனில்லை. அடர் நீலம், மெரூன் வேண்டுமென்றால் மொட்டைமாடி வெயிலில் போடாமல் காற்றோட்டமான நிழலில் உலர்த்துங்கள். வெளிர் நிறத்துக்கு இந்தக் கவலை குறைவு.

நீளமான, அடர்த்தியான கூந்தலை ஈரிழைத் துண்டு ஒன்றே முழுதாகத் துவட்டிவிடாது. தலைக்கு மட்டும் 400 ஜிஎஸ்எம் டர்க்கி ஒன்று, சின்ன அளவில், வைத்துக்கொள்ளலாம். கோடையில் அது ஒரு பகலுக்குள் காய்ந்துவிடும். மழை மாதங்களில் மின்விசிறிக்குக் கீழே தனியாக விரித்துப் போடுங்கள்.