வூகாமர்ஸ் ஆர்டர்களை டேலிக்குக் கொண்டுபோக வெப்ஹூக்கா, போலிங்கா? நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

கரூரில் பெட்ஷீட், தலையணை உறை விற்கும் ஓர் ஆன்லைன் கடையின் கணினி வேலைகளைப் பார்த்துக்கொள்கிறேன். கடை வூகாமர்ஸில் ஓடுகிறது, கணக்கு டேலி பிரைமில். ஆர்டருக்குப் பணம் வந்ததும் விற்பனை வவுச்சர் ஏற வேண்டும். பணம் திருப்பிக் கொடுத்தால் கிரெடிட் நோட் ஏற வேண்டும். தேவை இவ்வளவுதான். ஆரம்பத்தில் இருந்த ஏற்பாடு முழுக்க வெப்ஹூக்கை நம்பியது: கடையில் ஏதாவது நடந்தால் கடையே நமக்குச் செய்தி அனுப்பும். பிறகு, குறித்த இடைவெளியில் நாமே கடையிடம் போய் "என்ன மாறியிருக்கிறது" என்று கேட்கும் போலிங்குக்கு மாறினோம். இரண்டையும் வருடக்கணக்கில் ஓட்டிப் பார்த்தபின் சொல்கிறேன், கணக்குக்கு போலிங்தான் அடித்தளமாக இருக்க வேண்டும். வெப்ஹூக் கூட இருக்கலாம், ஆனால் கணக்கு அதை நம்பி நிற்கக் கூடாது.

காரணம் கணக்கு வேலையின் இயல்பிலேயே இருக்கிறது. ஒரு பில் 15 நிமிடம் தாமதமாக டேலியில் ஏறினால் யாருக்கும் ஒன்றும் கெட்டுவிடாது. ஒரு பில் ஏறாமலே போனாலோ, இரண்டு தடவை ஏறினாலோ ஜிஎஸ்டி கணக்கே தப்பாகிவிடும். வெப்ஹூக் தருவது வேகம். கணக்குக்கு வேண்டியது எதுவும் விட்டுப்போகாமல் இருப்பது.

முதலில் டேலி பக்கத்தைப் பாருங்கள். எங்கள் டேலி இருப்பது அலுவலகக் கணினி ஒன்றில். அதன் கனெக்டிவிட்டி அமைப்பில் அதை சர்வராக இயங்கச் சொல்லி, 9000 என்ற போர்ட்டைக் கொடுத்துவிட்டால், எக்ஸ்எம்எல்லாக அனுப்பும் வவுச்சர்களை வாங்கிக்கொள்ளும். ஆனால் அதற்கு டேலி திறந்திருக்க வேண்டும், உரிய கம்பெனியும் உள்ளே திறந்திருக்க வேண்டும். ராத்திரி கணினியை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகும் அலுவலகத்தில், நள்ளிரவு 2 மணிக்கு வரும் வெப்ஹூக்கை யார் வாங்குவது? ரவுட்டரில் 9000-ஐ வெளியுலகுக்குத் திறந்துவிடும் யோசனையைத் தயவுசெய்து செய்யாதீர்கள், உங்கள் கணக்குப் புத்தகத்தையே தெருவில் வைப்பது போலாகிவிடும். ஆகவே நடுவில் எப்போதும் விழித்திருக்கும் ஒரு சர்வர் வேண்டும். அது வெப்ஹூக்கை வாங்கிச் சேர்த்து வைக்கும். காலையில் அலுவலகக் கணினி போய் அதனிடம் கேட்டு எடுத்துக்கொள்ளும். அதாவது வெப்ஹூக் என்று தொடங்கினாலும், கடைசித் தூரத்தை போலிங்தான் கடக்கிறது. நடு சர்வர் ஒன்றுதான் கூடுதல் பராமரிப்பு.

அந்த நடு சர்வரில்தான் எங்களுக்கு அடி விழுந்தது. ஒரு சனிக்கிழமை இரவு அதன் டிஸ்க் நிரம்பி, வந்த ஒவ்வொரு செய்திக்கும் 500 என்று பதில் சொல்ல ஆரம்பித்தது. வூகாமர்ஸின் விதிப்படி, தொடர்ந்து 5 முறை அனுப்பியது தோற்றால் அந்த வெப்ஹூக் தானாகவே முடக்கப்படும். தோற்ற செய்திகளை அது மறுபடி அனுப்புவதும் இல்லை. ஷாப்பிஃபை போன்ற தளங்கள் சில மணி நேரத்துக்கு மறுபடி மறுபடி முயலும், ஆனால் அங்கேயும் அதற்கு ஓர் எல்லை உண்டு. ஞாயிறு முழுக்க ஆர்டர் வந்தது, வாடிக்கையாளருக்கு மெயில் போனது, திங்கட்கிழமை பார்சலும் கிளம்பியது. டேலி மட்டும் அமைதியாக இருந்தது. விற்பனை இல்லாத நாளும் செய்தி வராத நாளும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். டிஸ்க்கைச் சரிசெய்தபின்னும் எதுவும் வரவில்லை, ஏனென்றால் வெப்ஹூக் அதற்குள் Disabled ஆகிவிட்டிருந்தது. WooCommerce → Settings → Advanced → Webhooks பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் அது தெரியும்.

போலிங்கில் இதே கோளாறு வேறுவிதமாக நடக்கும். இணைப்பு இல்லையென்றால் நம் ஸ்கிரிப்ட் பிழையோடு நின்றுவிடும். "இதுவரை பார்த்தாயிற்று" என்ற நேரக்குறி பழைய இடத்திலேயே இருக்கும். மறுநாள் ஓடும்போது அங்கிருந்தே தொடங்கி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வரும். யாரும் எதையும் கையால் தேட வேண்டியதில்லை. இந்த ஒரு குணத்துக்காகவே நான் போலிங் பக்கம் நிற்கிறேன்.

வெப்ஹூக் உடனுக்குடன் வரும் என்பதும் வூகாமர்ஸில் பாதி உண்மைதான். அது வெப்ஹூக்கைப் பின்னணி வரிசையில் போட்டு அனுப்புகிறது. அந்த வரிசையை நகர்த்துவது வேர்ட்பிரஸின் உள் கிரான், அது இயல்பு நிலையில் தளத்துக்கு யாராவது வரும்போதுதான் ஓடும். ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் செய்தியும் காத்துக்கிடக்கும். உள்ளே இருக்கும் ஆர்டர் விவரமும் அனுப்பும் நொடியில் எடுக்கப்படுவதுதான், நிகழ்ச்சி நடந்த நொடியில் எடுத்ததல்ல. ஆகவே ஒரே ஆர்டருக்கு order.updated பல தடவை வரும், அவற்றில் சில ஒரே விவரத்தைச் சுமந்து வரும். வந்ததையெல்லாம் அப்படியே வவுச்சராக்கினால் இரட்டைப் பதிவு நிச்சயம்.

சரி, போலிங் என்றால் எல்லாம் சுகமா? இல்லை. எதைக் கேட்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஓர் உதாரண ஆர்டரை எடுத்துக்கொள்வோம்.

பெங்களூரில் இருப்பவர் ஒருவர் 500 ரூபாய் பெட்ஷீட் 4 வாங்குகிறார். 2,000 ரூபாய், 5% ஐஜிஎஸ்டி 100, மொத்தம் 2,100. பணம் கட்டிய நேரம் 2025 ஏப்ரல் 1, அதிகாலை 2:10. பெட்ஷீட் போய்ச் சேர்ந்தது, ஆர்டர் completed ஆனது. ஒன்றில் தையல் பிரிந்திருக்கிறது என்று சொன்னதால் ஏப்ரல் 19 அன்று 525 ரூபாய் திருப்பிக் கொடுக்கிறோம்.

இந்த இடத்தில்தான் பல இணைப்புகள் விழுகின்றன. பகுதி ரீஃபண்டுக்குப் பிறகும் வூகாமர்ஸில் ஆர்டரின் நிலை completed தான், total இன்னமும் 2100.00 தான். மாறியது ஒன்றே ஒன்று: refunds என்ற பட்டியலில் -525.00 என்று ஒரு வரி சேர்ந்திருக்கும். "நேற்றிலிருந்து வந்த புது ஆர்டர்களைக் கொடு" என்று after வடிகட்டியால் கேட்கும் ஸ்கிரிப்ட், 18 நாளுக்கு முந்தைய இந்த ஆர்டரைத் திரும்பிக்கூடப் பார்க்காது. எங்கள் கணக்குப் பார்க்கும் அக்காதான் இதைப் பிடித்துவிடுவார்: "தம்பி, பேங்க்ல பணம் போயிருக்குதுங்க, டேலில கிரெடிட் நோட்டைக் காணோமே." அப்படி ஒரு கேள்வி வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இந்த வடிகட்டியைத்தான். கேட்க வேண்டியது உருவான நேரத்தை வைத்தல்ல, கடைசியாக மாறிய நேரத்தை வைத்து:

```
GET /wp-json/wc/v3/orders
    ?modified_after=2025-04-19T06:20:00
    &dates_are_gmt=true
    &per_page=100&page=1
```

ரீஃபண்ட் போட்டதும் ஆர்டரின் மாறிய நேரமும் புதுப்பிக்கப்படும், ஆகவே இந்தக் கேள்வியில் அது சிக்கிவிடும். per_page போடாமல் விட்டால் ஒரு தடவைக்கு 10 ஆர்டர்தான் வரும், அதிகபட்சம் 100. சாதாரண நாளில் எல்லாம் சரியாக ஓடி, தீபாவளி விற்பனையில் மட்டும் சரியாகப் பத்துப் பத்தாக ஏறினால் காரணம் இதுதான். எத்தனை பக்கம் என்பதை X-WP-TotalPages தலைப்பு சொல்லும், கடைசிப் பக்கம் வரை போய்விட வேண்டும்.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதிகாலை 2:10 என்பது உலகப் பொது நேரத்தில் மார்ச் 31, இரவு 8:40. date_paid_gmt-ஐ எடுத்து அப்படியே வவுச்சர் தேதியாக்கினால் இந்தப் பில் முந்தைய நிதியாண்டில் போய் உட்கார்ந்துவிடும். பில் எண் வரிசையும் பிசகும், மார்ச் மாத ஜிஎஸ்டிஆர்-1 கணக்கிலும் இது நுழைந்துவிடும். கேள்வி கேட்க மட்டும் பொது நேரம், வவுச்சரில் எழுத இந்திய நேரம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

15 நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கிறோம். ஆனால் கடந்த முறை நின்ற இடத்திலிருந்து இல்லை, அதற்கும் 10 நிமிடம் பின்னால் போய்க் கேட்கிறோம். இரு சர்வர்களின் கடிகாரம் சற்று முன்னே பின்னே இருந்தாலும், ஓட்டத்தின் நடுவில் ஓர் ஆர்டர் மாறினாலும் விட்டுப்போகாது. புது நேரக்குறியாக ஓட்டம் தொடங்கிய நேரத்தை வைக்க வேண்டும், முடிந்த நேரத்தை அல்ல. அதுவும் டேலி எல்லா வவுச்சரையும் ஏற்றுக்கொண்ட பிறகே நகர்த்த வேண்டும்.

இப்படிப் பின்னால் போய்க் கேட்டால் ஒரே ஆர்டர் திரும்பத் திரும்ப வரும். வரட்டும். அதைத் தடுக்கிற வேலை ஒரு சின்ன அட்டவணையுடையது:

```
CREATE TABLE posted (
  order_id   INTEGER NOT NULL,
  kind       TEXT    NOT NULL,
  refund_id  INTEGER NOT NULL DEFAULT 0,
  voucher_no TEXT,
  state      TEXT,
  UNIQUE (order_id, kind, refund_id)
);
```

நம் ஆர்டருக்கு இதில் இரண்டு வரி. விற்பனைக்கு ஒன்று, refund_id 0. கிரெடிட் நோட்டுக்கு ஒன்று, அந்த ரீஃபண்டின் எண்ணோடு. நாளை இன்னொரு பெட்ஷீட்டுக்கும் பணம் திருப்பினால் மூன்றாவது வரி வரும். டேலிக்கு அனுப்பும் முன் state-இல் pending என்று எழுதுகிறோம். பதிலில் CREATED 1, ERRORS 0 என்று வந்தபின் done ஆக்குகிறோம். டேலி வவுச்சரைப் போட்டுவிட்டு, பதில் வருவதற்குள் கரண்ட் போய்விட்டால் வரி pending ஆகவே நிற்கும். அப்போது கண்ணை மூடிக்கொண்டு மறுபடி அனுப்பாமல், அந்த வவுச்சர் எண் டேலியில் இருக்கிறதா என்று முதலில் தேடிவிட்டு முடிவெடுக்க வேண்டும்.

போலிங்குக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. குப்பைக்குப் போன ஆர்டர் பட்டியலில் வராது, வராததை மாறியதாகவும் காட்டாது. டேலியில் பில் இருக்கும், கடையில் ஆர்டர் இருக்காது. எங்கள் கடையில் ஆர்டரை அழிக்கும் உரிமையை எல்லோரிடமிருந்தும் எடுத்துவிட்டோம், ரத்து மட்டும்தான் செய்யலாம். அதற்கு மேல் order.deleted வெப்ஹூக்கை வைத்திருக்கிறோம், அது வந்தால் அக்காவுக்கு ஒரு மெயில் போகும், அவ்வளவே.

வெப்ஹூக்கை இன்னோர் இடத்திலும் வைத்திருக்கிறோம்: பேக்கிங் மேசையில். புது ஆர்டர் வந்தது அங்கே சீக்கிரம் தெரிந்தால் அன்றைய கூரியர் வண்டியில் ஏற்றிவிடலாம். ஒன்று தவறிப்போனாலும் அடுத்த போலிங்கில் தெரிந்துவிடும். கணக்குக்கோ, தினமும் காலையில் முந்தைய நாளின் பில்கள், ரீஃபண்டுகள் இரண்டின் கூட்டுத்தொகையையும் கடையிலும் டேலியிலும் எடுத்து ஒப்பிடுகிறோம். ஒரு ரூபாய் இடித்தாலும் ஆர்டர் எண்ணோடு பட்டியல் வரும். மாதம் 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 போடுவதற்குள் அந்தப் பட்டியல் காலியாகிவிட வேண்டும் என்பது அக்காவின் கண்டிப்பு.